சித்தி வீட்டு கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்து சரிசெய்யும்போது: எந்தச் சிக்கலுக்கு என்ன வழி

மார்த்தாண்டம், கருங்கல், குளச்சல் பக்கம் பல வீடுகளில் இதுதான் நிலைமை: கம்ப்யூட்டர் வீட்டில் இருக்கும், அதைச் சரிபார்க்கத் தெரிந்த பிள்ளை குவைத்திலோ பெங்களூரிலோ இருக்கும். நானும் அப்படி ஒரு பிள்ளைதான். கருங்கலில் இருக்கும் சித்தியின் கம்ப்யூட்டரை இங்கிருந்தே பார்த்துக் கொடுப்பேன். அதற்கு நாங்கள் பயன்படுத்துவது விண்டோஸிலேயே இருக்கும் குவிக் அசிஸ்ட். தேடும் பெட்டியில் Quick Assist என்று தட்டினால் வந்துவிடும். கண்ட்ரோல், விண்டோஸ், Q மூன்றையும் சேர்த்து அழுத்தினாலும் திறக்கும்.

இதை எழுதுவது உங்கள் பக்கம், அதாவது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்காக. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் சித்தியின் கம்ப்யூட்டருக்குள் வரும் அதே வாசல் வழியாகத்தான் ஏமாற்றுக்காரனும் வருவான். ஆப்பும் அதேதான், வரும் கேள்விகளும் அதேதான். திரையைப் பார்த்து இவன் நல்லவன், இவன் கெட்டவன் என்று கண்டுபிடிக்க முடியாது. யார் யாரை முதலில் கூப்பிட்டது என்பதுதான் வித்தியாசம். அதனால் எங்கள் வீட்டில் வைத்திருக்கும் வழக்கம் இது: நான் எப்போது கூப்பிட்டாலும் சித்தி அந்த அழைப்பை வைத்துவிட்டு, போனில் சேமித்து வைத்திருக்கும் என் நம்பருக்கு அவரே திரும்பக் கூப்பிடுவார். அப்புறம்தான் குவிக் அசிஸ்ட்டைத் திறப்பார்.

## திரை முழுக்கச் சிவப்பாகி ஒரு போன் நம்பர் வருகிறது

ஏதோ பக்கத்தைத் திறந்ததும் சத்தம் போட்டுக்கொண்டு, "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், அணைக்காதீர்கள், உடனே இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள்" என்று ஆங்கிலத்தில் வரும். மைக்ரோசாஃப்ட்டின் முத்திரை கூட இருக்கும். ஆனால் மைக்ரோசாஃப்ட் காட்டும் உண்மையான எச்சரிக்கையில் போன் நம்பர் இருக்காது. நம்பர் இருக்கிறதென்றால் அது வெறும் வலைப்பக்கம், அவ்வளவுதான். கம்ப்யூட்டருக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை.

பக்கத்தை மூடும் பெருக்கல் குறி தெரியாதபடி அது திரை முழுவதையும் பிடித்துக்கொண்டிருக்கும். Esc விசையைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் திரை சுருங்கும், பிறகு மூடிவிடலாம். அதற்கும் அசையவில்லை என்றால் கண்ட்ரோல், ஷிஃப்ட், Esc மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் பட்டியலில் உங்கள் பிரவுசரைத் தேர்ந்தெடுத்து End task கொடுங்கள். மறுபடி பிரவுசரைத் திறக்கும்போது பழைய பக்கங்களைத் திரும்பக் கொண்டுவரவா என்று கேட்டால் வேண்டாம் என்று விட்டுவிடுங்கள். இல்லையென்றால் அதே கூத்து மறுபடி தொடங்கும்.

இதே சிக்கலின் இன்னொரு முகம் கூகுளில் இருக்கிறது. பிரிண்டர் மக்கர் செய்கிறது என்று அந்தக் கம்பெனியின் பெயரோடு "கஸ்டமர் கேர் நம்பர்" என்று தேடினால், மேலே வரும் நம்பர் யாருடையதாகவும் இருக்கலாம். காசு கொடுத்து விளம்பரம் போட்டு மேலே வந்து உட்கார்ந்திருப்பார்கள். இங்கே நீங்களே கூப்பிட்டீர்கள் என்பதால் சந்தேகமே வராது. நம்பரை பிரிண்டர் வந்த பெட்டியிலோ பில்லிலோ பார்த்து எடுங்கள். அதில் இல்லையா, கூப்பிடாதீர்கள், வீட்டுப் பிள்ளைக்காகக் காத்திருங்கள். பிரிண்டர் ஒருநாள் சும்மா கிடந்தால் குடி முழுகிப் போகாது.

## கோடு போட்டால் எடுக்கவில்லை

குவிக் அசிஸ்ட்டில் இருவரையும் இணைக்கும் ரகசியக் கோடு உருவாவது உதவி செய்பவர் பக்கத்தில். நான் என் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து Help someone கொடுத்தால் எனக்கு ஆறு இடம் கொண்ட ஒரு கோடு வரும். அதைச் சித்திக்குப் படித்துச் சொல்வேன், அவர் தன் பக்கம் அதைத் தட்டி Submit கொடுப்பார். சித்திக்குக் கணக்கு எதுவும் தேவையில்லை. அந்தக் கோட்டுக்கு ஆயுள் பத்து நிமிடம்தான். கண்ணாடியைத் தேடி, கதவைத் திறந்து, மீன்காரரை அனுப்பிவிட்டு வருவதற்குள் செத்துப்போயிருக்கும். புதுக் கோடு கேளுங்கள். போனில் B, D, P மூன்றும் ஒரே மாதிரி கேட்கும் என்பதால் எழுத்துகளை "B, பஸ், D, டாக்டர்" என்று சொல்லச் சொல்லுங்கள்.

இந்தக் கோடு போகும் திசையை நன்றாகக் கவனியுங்கள். "ஓடிபியை யாருக்கும் சொல்லாதே" என்று எல்லோரும் படித்திருக்கிறோம். குவிக் அசிஸ்ட்டில் நீங்கள் யாருக்கும் எதையும் சொல்வதில்லை, எதிர்ப்பக்கம் இருப்பவன்தான் உங்களுக்கு ஒரு கோடு தருகிறான். அதனால் ஆபத்தாகவே தோன்றாது. இதே வேலையைச் செய்யும் எனிடெஸ்க் என்ற ஆப்பில் தலைகீழ்: உங்கள் திரையில் தெரியும் எண்ணை நீங்கள் படித்துச் சொல்ல வேண்டும், எதிர்ப்பக்கம் அதைத் தட்டும். திசை எதுவானாலும் முடிவு ஒன்றுதான், உங்கள் கம்ப்யூட்டருக்குள் ஒருவர் வருகிறார். நீங்கள் கூப்பிடாத ஒருவர் கோடு தந்தாலும் சரி, கேட்டாலும் சரி, போனை வைத்துவிடுங்கள்.

## கோடு சரி, ஆனால் இணைப்பே போகவில்லை

மழைக்காலத்தில் எனக்கு அடிக்கடி வரும் புகார் இது. நமக்கு ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. கரண்டு போய்ப் போய் வரும். பழைய டெஸ்க்டாப்பில் உள்ளே இருக்கும் சின்ன வட்ட பேட்டரி தீர்ந்திருந்தால், கரண்டு போன ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டர் தேதியை மறந்து பல வருடம் பின்னால் போய்விடும். தேதி தப்பாக இருந்தால் எதிர்ப்பக்கம் நம்பத்தகுந்தது என்பதற்கான சான்றிதழைக் கம்ப்யூட்டர் ஏற்காது. குவிக் அசிஸ்ட்டும் திறக்காது, ஜிமெயிலும் திறக்காது. நெட் இல்லை என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள்.

வலது கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள். தப்பாக இருந்தால் அதன் மேல் வலது கிளிக் செய்து தேதி, நேர அமைப்புக்குப் போய் Sync now கொடுங்கள். அதுவும் தோற்றால் கையாலேயே இன்றைய தேதியைப் போடுங்கள். அந்த பேட்டரியின் பெயர் CR2032, வாட்ச் கடையிலேயே கிடைக்கும். மாற்றுவதற்குப் பக்கத்துக் கடைக்காரரிடம் கொடுத்துவிடலாம், இதற்கு நான் தூரத்திலிருந்து ஒன்றும் செய்ய முடியாது.

தேதி சரியாக இருந்தும் போகவில்லையென்றால் ரவுட்டரை அணைத்துப் போட்டுப் பாருங்கள்.

## படம் தெரிகிறது, ஆனால் மெதுவாக இழுக்கிறது

திரையை அனுப்புவது உங்கள் நெட்தான். அதே வைஃபையில் வீடியோ காலும் டிவியில் படமும் ஓடினால் இழுக்கத்தான் செய்யும். சாதாரண வாய்ஸ் காலில் பேசுங்கள், டிவியைக் கொஞ்சம் நிறுத்துங்கள்.

## உதவுபவர் திடீரென்று "திரை கறுத்துப் போச்சு" என்கிறார்

இதுதான் அதிகம் குழப்பும் இடம். ஒரு உதாரணத்தோடு முழுதாகச் சொல்கிறேன்.

சித்தியின் பிரிண்டரில் எதை அனுப்பினாலும் அச்சாகவில்லை. வரிசையில் பழைய ஒரு ஃபைல் Deleting என்று காட்டியபடி அழியாமல் நிற்கிறது, மற்றதெல்லாம் அதன் பின்னால் மாட்டிக்கொண்டு நிற்கின்றன. பிரிண்டரை அணைத்துப் போட்டும் பயனில்லை, ஏனென்றால் அடைப்பு பிரிண்டரில் இல்லை, விண்டோஸின் அச்சு வரிசையில் இருக்கிறது. அந்த வரிசையை நடத்தும் சேவையை நிறுத்தி, தேங்கியதைத் துடைத்து, மறுபடி ஓடவிட வேண்டும். கட்டளைச் சாளரத்தில் இந்த மூன்று வரிகள்:

```
net stop spooler
del /Q %systemroot%\System32\spool\PRINTERS\*.*
net start spooler
```

சாதாரணமாகத் திறந்த சாளரத்தில் முதல் வரியைத் தட்டினால் System error 5, Access is denied என்று வரும். நிர்வாகி உரிமையோடு திறக்க வேண்டும் என்று அர்த்தம். அதனால் தேடும் பெட்டியில் cmd என்று தட்டி, Run as administrator கொடுத்தேன். உடனே என் பக்கம் திரை கறுத்துவிட்டது.

"சித்தி, எனக்கு ஒண்ணும் தெரியல்ல. அங்க என்ன வந்திருக்கு?"

"ஒரு பெட்டி வந்திருக்கு மக்களே. ஆமாவா இல்லையான்னு கேக்குது."

"அவசரப்படாண்டாம். மேல என்ன பேரு போட்டிருக்குன்னு வாசியுங்க."

விண்டோஸ் வேண்டுமென்றே செய்யும் வேலை அது. கம்ப்யூட்டரில் பெரிய மாற்றம் செய்ய அனுமதி கேட்கும் பெட்டியை, முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் காட்டும். தூரத்தில் இருப்பவனால் அதைப் பார்க்கவும் முடியாது, Yes கொடுக்கவும் முடியாது. அந்த நேரத்தில் சாவி உங்கள் கையில்.

அந்தப் பெட்டியில் எந்த நிரல் கேட்கிறது, அதை வெளியிட்டவர் யார் என்ற இரண்டும் இருக்கும். சித்தி வாசித்தது Windows Command Processor, கீழே Microsoft Windows. நான் எதைத் திறக்கப்போகிறேன் என்று முன்பே சொல்லியிருந்தேன், அதே பெயர்தான் வந்தது. Yes கொடுத்தார், என் திரை திரும்ப வந்தது, மூன்று வரியும் ஓடின, அடைத்துக்கொண்டிருந்த மின்சார பில் வெளியே வந்தது.

ஆக, வழி இது: பெட்டி வருவதற்கு முன்பே உதவுபவர் "இப்போது இன்னது கேட்கும்" என்று சொல்லியிருக்க வேண்டும். வந்த பெயரும் சொன்ன பெயரும் ஒன்றாக இருந்தால் Yes. வேறாக இருந்தால் No கொடுத்துவிட்டுக் கேளுங்கள், No கொடுத்ததால் எதுவும் கெடாது. வெளியிட்டவர் Unknown என்று இருந்தால் இன்னும் உஷார். ஆனால் வெளியிட்டவர் பெயர் ஒழுங்காக இருக்கிறது என்பதற்காக மட்டும் நம்பிவிட வேண்டாம். எனிடெஸ்க் மாதிரியான ஆப்புகளுக்கும் முறையான பெயர் உண்டு, ஏமாற்றுக்காரன் நிறுவச் சொல்வதும் அவற்றைத்தான். "பெட்டி வந்தா யோசிக்காம யெஸ் கொடுங்க" என்று யாராவது சொன்னால், அது நானாகவே இருந்தாலும், No.

கட்டுப்பாடு கேட்கும்போதும் இதே மாதிரி உங்கள் அனுமதி வேண்டும். முதலில் நான் பார்க்க மட்டுமே முடியும். சுட்டியைப் பிடிக்க நான் Request control கொடுத்தால் உங்களுக்கு ஒரு கேள்வி வரும். "அவன் பாக்குறான், ஆனா ஒண்ணும் செய்ய மாட்டேங்கிறான்" என்றால், பெரும்பாலும் அந்தக் கேள்வி வேறு சாளரத்தின் பின்னால் ஒளிந்திருக்கும். சாளரத்தைக் கீழிறக்கிப் பார்த்து Allow கொடுங்கள்.

## உதவுபவர் சிவப்புக் குறிகளைக் காட்டிப் பயமுறுத்துகிறார்

ஏமாற்றுக்காரர்களுக்குப் பிடித்த இடம் Event Viewer. அதைத் திறந்து நூற்றுக்கணக்கில் சிவப்பு, மஞ்சள் குறிகளைக் காட்டி, "பாருங்க மேடம், எத்தனை வைரஸ்" என்பார்கள். அது விண்டோஸ் எழுதி வைக்கும் நாட்குறிப்பு. ஏதோ ஒரு சேவை தொடங்கத் தவறினாலும் அதில் பதிவாகும். புத்தம் புதுக் கம்ப்யூட்டரிலும் சிவப்புக் குறி இருக்கும். வீட்டுப் பிள்ளை யாரும் அதைக் காட்டி உங்களிடம் காசு கேட்கப்போவதில்லை. அதைத் திறந்து காட்டிய உடனே விஷயம் தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். குவிக் அசிஸ்ட்டில் Leave கொடுத்து வெளியே வாருங்கள்.

## பேச்சு பேங்க் பக்கம் திரும்புகிறது

பிரிண்டரைச் சரிசெய்ய பேங்க் தேவையில்லை. நெட் மெதுவாக இருப்பதற்கும் தேவையில்லை. தூர இணைப்பு ஓடும் நேரத்தில் பேங்க் பக்கத்தைத் திறப்பதே கூடாது, நான் கேட்டாலும் கூடாது. உங்களுக்குப் பேங்க் பக்கமே திறக்கவில்லை என்பதுதான் சிக்கல் என்றால், நுழையும் பக்கம் வரை கொண்டுபோய்விட்டு நான் வெளியேறுவேன், பாஸ்வேர்டு போடுவது அதற்குப் பிறகு.

இதில் பலரும் கவனிக்காத ஓட்டை ஒன்று உண்டு. போனுக்கு வரும் மெசேஜ்களைக் கம்ப்யூட்டரிலும் காட்டும்படி பலர் வைத்திருக்கிறார்கள், பிள்ளைகள்தான் வைத்துக் கொடுத்திருப்பார்கள். அப்படியென்றால் ஓடிபி திரையின் ஓரத்தில் தானாக எட்டிப் பார்க்கும், எதிர்ப்பக்கம் இருப்பவன் உங்களிடம் கேட்கவே வேண்டாம். இணைப்பைத் தொடங்கும் முன் அவற்றை மூடி வையுங்கள்.

போனில் எந்த ஆப்பும் நிறுவச் சொன்னால் அதோடு பேச்சு முடிந்தது. சரிசெய்ய வேண்டியது கம்ப்யூட்டர், போனுக்கு அங்கே வேலை இல்லை. எனிடெஸ்க்கைப் போனில் போடச் சொல்லி, அதன் வழியே பேங்க் பணத்தை எடுக்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்தது. அந்தத் தந்திரம் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

அப்புறம், "நான் வேற நம்பர்லேருந்து கூப்பிடுறேன், பழைய போன் தொலஞ்சு போச்சு" என்று பிள்ளையின் பெயரைச் சொல்லி வருவதும் உண்டு. துபாயில் இருப்பவர்களுக்கு வாட்ஸாப் கால் போகாது, வேறு ஆப்பில் கூப்பிடுவார்கள் என்பது ஊருக்கே தெரியும், அதனால் புது நம்பரைப் பார்த்து யாரும் ஆச்சரியப்படுவதில்லை. பழைய நம்பர் எடுக்கவில்லையென்றால் வீட்டுக்கேள்வி ஒன்று கேளுங்கள். எங்கள் வீட்டில், பழைய வீட்டு அயனி மரம் கிணற்றுக்கு எந்தப் பக்கம் நின்றது என்பது மாதிரி ஒன்று. பிறந்த நாளும் படித்த பள்ளியும் பேஸ்புக்கிலேயே இருக்கும், அவை உதவாது.

## எல்லாம் முடிந்த பிறகும் சுட்டி தானாக நகர்கிறது

முதலில் நெட்டை அறுத்துவிடுங்கள், ரவுட்டரை அணைத்தாலே போதும். குவிக் அசிஸ்ட் என்றால் மூடியவுடன் தொடர்பு போய்விடும், மறுபடி வரப் புதுக் கோடு வேண்டும். மூடிய பிறகும் நகர்கிறதென்றால், மவுஸ் பேட்டில் தூசியா என்று பார்த்துவிட்டு, வேறு ஏதோ நிறுவப்பட்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். எனிடெஸ்க்கில் பாஸ்வேர்டு ஒன்று போட்டு வைத்துவிட்டால், நீங்கள் அனுமதி கொடுக்காமலே பிறகு எப்போது வேண்டுமானாலும் உள்ளே வரலாம்.

Settings, Apps, Installed apps என்று போய், நிறுவிய தேதிவாரியாக வரிசைப்படுத்துங்கள். அந்த அழைப்பு வந்த நாளில் AnyDesk, TeamViewer, UltraViewer, ScreenConnect மாதிரி ஏதாவது சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நீக்குங்கள். இது ஆரம்ப வைத்தியம் மட்டுமே. தெரியாதவன் நீண்ட நேரம் உள்ளே இருந்திருந்தால், ஃபைல்களை எடுத்து வைத்துவிட்டு விண்டோஸையே புதிதாகப் போடுவதுதான் என் கட்சி. எதை விட்டுப் போயிருக்கிறான் என்று தேடிக்கொண்டிருப்பதைவிட அதற்கு நேரம் குறைவு.

பாஸ்வேர்டுகளை அதே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மாற்ற வேண்டாம், போனிலிருந்தோ வேறு கம்ப்யூட்டரிலிருந்தோ மாற்றுங்கள். முதலில் மெயில், பிறகு பேங்க். மெயில் அவன் கையில் இருந்தால் மற்ற எல்லாவற்றின் பாஸ்வேர்டையும் மாற்றிக்கொள்வான்.

பணம் போயிருந்தால் வரிசை மாறும். எல்லாவற்றுக்கும் முன்பு 1930-க்குக் கூப்பிடுங்கள், கூடவே ஏடிஎம் கார்டின் பின்னால் இருக்கும் பேங்க் நம்பருக்கும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் தடுத்து நிறுத்தத்தான் இந்த அவசரம். cybercrime.gov.in தளத்திலும் புகாரைப் பதிவு செய்யுங்கள். நேரில் போக வேண்டுமென்றால் நாகர்கோவிலில் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது, ஆனால் பஸ் ஏறும் முன்பே 1930-ஐ முடித்துவிடுங்கள்.

வெட்கப்பட்டுத் தாமதிப்பதற்கு விலை உண்டு. 2017-இல் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, வாடிக்கையாளரே ரகசிய விவரத்தைக் கொடுத்ததால் போன பணம், பேங்க்குக்குத் தெரிவிக்கும் வரை அவர் தலையில்தான் விழும். தெரிவித்த பிறகு போகும் பணத்துக்குப் பேங்க் பொறுப்பு. அதனால் தெரிவித்த நேரத்தைக் குறித்து வையுங்கள், புகார் எண்ணை எழுதி வாங்குங்கள். என்னிடம் சொல்வதை அதற்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.